வங்கி கேட்பது 12, குளிரறை தருவது 14: மிச்சம் இலாபமா?

*ஐயா, கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே எங்கள் குடும்பக் கம்பனி ஓர் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறது. நானும் சின்னண்ணனும் இங்கே நின்று பார்க்கிறோம். கனடாவில் இருக்கும் பெரியண்ணன் வட்டியில்லாமல் 100 இலட்சம் தந்திருக்கிறார். வங்கிக் கடன் 400 இலட்சம் இருக்கிறது. புத்தகத்தில் எங்கள் பங்கு மூலதனமும் சேர்ந்த இலாபமும் 100 இலட்சம்தான். போன ஆண்டு ஒருவர் முழுத் தொழிற்சாலையையும் 1,000 இலட்சத்துக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. இப்போது 300 இலட்சத்தில் மீன் வைக்கும் குளிரறை ஒன்று கட்ட நினைக்கிறோம். முழுத் தொகையையும் 12 சதவீத வட்டிக்குத் தர வங்கி சம்மதித்துவிட்டது. செலவும் தேய்மானமும் போக ஆண்டுக்கு 60 இலட்சம், வரி கட்டிய பின் 42 இலட்சம், அதாவது 14 சதவீதம் வரும். 12க்கு வாங்கி 14 உழைத்தால் இலாபம்தானே என்கிறார் சின்னண்ணன். எங்கள் மூலதனக் கிரயம் அதைவிடக் கூட என்கிறார் கணக்காய்வாளர். யார் சொல்வது சரி?*

*ஒரு வாசகர், திருகோணமலை*

தம்பி, கணக்காய்வாளர் சொல்வதுதான் சரி. ஆனால் சின்னண்ணனின் வாதத்தை அவர் சொன்னதைவிடப் பலமாக நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

வங்கிக்குக் கட்டும் வட்டி, வரி கணக்கிடுவதற்கு முன்பே இலாபத்திலிருந்து கழிக்கப்படுகிறது. உங்கள் கம்பனி 30 சதவீத வருமான வரி கட்டுகிறது. 60 இலட்சம் 42 ஆனதும் அதனால்தான். 100 ரூபா வட்டி கட்டினால் வரியில் 30 ரூபா குறைகிறது. ஆகவே 12 சதவீதக் கடன் உண்மையில் உங்கள் கையைக் கடிப்பது 8.4 சதவீதம் மட்டுமே. வரி போக வரும் 14ஐ வரி போக நிற்கும் 8.4 உடன்தான் ஒப்பிட வேண்டும். சின்னண்ணன் இரண்டு புள்ளி இலாபம் என்றார். அவருடைய வழியிலேயே போனால் ஐந்தரைப் புள்ளிக்கு மேல் வருகிறது. 300 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 16.8 இலட்சம் மிச்சம். இவ்வளவு இலாபம் கண்ணுக்குத் தெரிந்தும் நான் வேண்டாம் என்கிறேன் என்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

வங்கி ஏன் முழு 300ஐயும் 12 சதவீதத்துக்குத் தரச் சம்மதித்தது என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் மூவரும் புதிதாக ஒரு கம்பனி தொடங்கி, கையில் ஒரு சதமும் இல்லாமல், குளிரறை கட்டப் போகிறோம் என்று அதே முகாமையாளரிடம் போனால் அதே 12க்குத் தருவாரா? தரமாட்டார். அவர் பார்த்தது குளிரறையை அல்ல. ஐஸ் தொழிற்சாலைக் காணியின் உறுதியையும், அதன் மதிப்பீட்டு அறிக்கையையும், உங்கள் தனிப்பட்ட பிணைக் கையெழுத்தையும்தான் அவர் பார்த்தார். உங்களுக்குச் சொந்தமான பெறுமதி அடியில் மெத்தையாகக் கிடப்பதால்தான் வங்கிக்கு விழுந்தாலும் வலிக்காது. அந்த மெத்தையின் விலை 12 சதவீதத்துக்குள் இல்லை. அதைக் கொடுப்பவர்கள் நீங்கள் மூவரும்.

இதை இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். இந்த ஆண்டு 14 சதவீதம் தரும் குளிரறையை வங்கிக் கடனில் கட்டிவிடுகிறீர்கள். வங்கியின் எல்லை முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு 18 சதவீதம் தரக்கூடிய வேறொரு நல்ல வாய்ப்பு வருகிறது. இப்போது சொந்தப் பணத்தைத்தான் போட வேண்டும். சொந்தப் பணத்துக்கு 20 சதவீதமாவது வேண்டும் என்று சொல்லி அதை விட்டுவிடுகிறீர்கள். 14ஐ எடுத்துக்கொண்டு 18ஐக் கைவிட்டிருக்கிறீர்கள். எந்தப் பணம் எந்த ஆண்டில் கைக்கு எட்டியது என்பதை வைத்துத் திட்டங்களை அளந்தால் இப்படித்தான் முடியும். கம்பனி ஒரே பானை. கடனும் சொந்தப் பணமும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. பானையிலிருந்து எந்தத் திட்டத்துக்கு அள்ளினாலும் கலந்த விலைதான். நிறையேற்றிய சராசரி மூலதனக் கிரயம் என்று உங்கள் கணக்காய்வாளர் சொல்வது அந்தக் கலந்த விலையைத்தான். நான் அதைச் சுருக்கமாகக் கலப்புக் கிரயம் என்றே இங்கு எழுதுகிறேன்.

அதைக் கணக்கிட மூன்று விடயங்கள் தேவை: கடனின் விலை, சொந்தப் பணத்தின் விலை, இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது. கடனின் விலை 8.4 என்று பார்த்துவிட்டோம். அதில் ஒரு எச்சரிக்கை மட்டும். கடனுக்குப் போட வேண்டிய விலை இன்று வங்கி புதிதாகக் கேட்கும் வட்டி. எப்போதோ வாங்கிய பழைய கடனின் வட்டியைப் போடக்கூடாது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதை மறந்திருக்கமாட்டீர்கள். துணைநில் கடன்வழங்கல் வீதம் 7.5இலிருந்து 14.5 ஆனது. அந்த ஆண்டு என்னிடம் வந்த ஒரு கம்பனி, பழைய நிலையான வட்டிக் கடன் ஒன்றைக் காட்டி 9 சதவீதம்தான் எங்கள் செலவு என்று கணக்குப் போட்டு, புதிய இயந்திரம் வாங்கப் புறப்பட்டிருந்தது. புதிய கடனுக்கு வங்கி கேட்டதோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் 12 இன்றைய விலை என்பதால் அதைப் பயன்படுத்துவதில் தடையில்லை. அது நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்பதை மட்டும் கடன் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பணத்தின் விலைதான் எல்லோரும் தடுமாறும் இடம். யாரும் மாதாமாதம் பில் அனுப்பாததால் அது இலவசம் போலத் தெரிகிறது. உங்கள் தொழிலின் மார்கழி மாதத்தை நினைத்துப் பாருங்கள். மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்கிறது. படகுகள் கரையில் கிடக்கின்றன. ஐஸ் கட்டி வாங்க ஆளில்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் குளிராக வைத்திருக்க மின்சாரம் ஓடத்தான் வேண்டும். மாத முடிவில் முதலில் மின்சாரக் கட்டணம் போகிறது, பிறகு சம்பளம், பிறகு வங்கித் தவணை. கடைசியில் எஞ்சுவது உங்களுக்கு. அந்த மாதம் எஞ்சாமல் போனால் வங்கி தன் 12ஐக் குறைத்துக்கொள்வதில்லை. உங்கள் பங்குதான் பூச்சியமாகிறது. வரிசையில் கடைசியாக நிற்பவர் முன்னால் நிற்பவரைவிடக் கூடுதலாகக் கேட்பார். கேட்காவிட்டால் அவர் தன் பணத்தை நிலையான வைப்பிலோ திறைசேரி முறியிலோ போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

எவ்வளவு கூடுதலாக? கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பனிகளுக்கு, பங்கு விலை சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வைத்துக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. உங்கள் பங்குகள் எந்தச் சந்தையிலும் கைமாறுவதில்லை. அந்த முறையை இங்கு இழுத்து வந்தால் தசம புள்ளிகள் அழகாக இருக்கும், ஆனால் அடியில் பிடிமானம் இருக்காது. உங்களைப் போன்ற கம்பனிகளில் நான் செய்வது வேறு. பங்காளிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்பேன்: முன்பின் தெரியாத ஒருவர் இதே அளவு கடனோடு இதே மாதிரி ஓர் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறார், அதில் பங்கு வாங்க உங்கள் வைப்புப் பணத்தை எடுத்துக் கொடுப்பதென்றால், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் எதிர்பார்ப்பீர்கள்? பதிலைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துத் தரச் சொல்வேன். வங்கியின் 12ஐவிடக் குறைவாக எழுதியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பெரும்பாலும் வங்கி வட்டிக்கு மேல் ஆறு முதல் பத்துப் புள்ளிகளுக்குள் வந்து நிற்கும். நீங்களும் இதைச் செய்யுங்கள், பெரியண்ணனைத் தொலைபேசியில் கேட்டாவது. இப்போதைக்கு 20 என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்த 20க்கு வரிச் சலுகை கிடையாது. பங்கிலாபம் வரி கட்டிய பின் எஞ்சும் பணத்திலிருந்து போவது; வட்டியைப் போல முன்கூட்டியே கழிக்க முடியாது. ஆகவே கடன் 12இலிருந்து 8.4க்கு இறங்குகிறது, சொந்தப் பணம் 20லேயே நிற்கிறது.

பெரியண்ணனின் 100 இலட்சத்தை எங்கே சேர்ப்பது? பூச்சிய சதவீதக் கடன் என்று போட்டால் கலப்புக் கிரயம் சட்டென்று இறங்கிவிடும். அப்படிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் தவணை கேட்கமாட்டார், ஈடு வாங்கவில்லை, தொழில் படுத்தால் கடைசியில் நிற்பார். அது பெயருக்குக் கடன், குணத்தில் சொந்தப் பணம். அவர் அன்பினால் கேட்காமல் விடும் வட்டியும் ஒரு விலைதான். அந்த விலையை அவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய 100ஐ உங்கள் பக்கத்திலேயே வையுங்கள்.

இனி விகிதம். இங்கேதான் உங்கள் வீட்டுத் தகராறே தீர்மானமாகிறது. புத்தகத்தைப் பார்த்தால் கடன் 400. சொந்தப் பணம் அண்ணனுடையதோடு சேர்த்து 200. மூன்றில் இரண்டு கடன். அப்படியானால் 8.4இன் மூன்றில் இரண்டு 5.6, 20இன் மூன்றில் ஒன்று 6.7, கூட்டினால் 12.3. குளிரறையின் 14 அதைத் தாண்டுகிறது. சின்னண்ணன் வென்றுவிட்டார் போலிருக்கிறது. ஆனால் அந்த 200 என்பது பழைய விலைக்கு வாங்கிய காணியும், ஆண்டாண்டாகத் தேய்மானம் கழித்த இயந்திரங்களும் விட்டுச் சென்ற எண். அது உங்களுக்குச் சொந்தமானதன் இன்றைய பெறுமதி அல்ல. போன ஆண்டு ஒருவர் 1,000 இலட்சம் கேட்டார், நீங்கள் மறுத்தீர்கள். விற்றிருந்தால் வங்கிக்கு 400ஐக் கட்டிவிட்டு 600ஐ மூவரும் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். மறுத்த அந்த நாளில் உண்மையில் 600 இலட்சத்தை மறுபடியும் இந்தத் தொழிலில் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் 20 சதவீதம் எதிர்பார்ப்பது இந்த 600க்கு. புத்தகத்தில் உள்ள 200க்கு அல்ல.

ஆகவே கடன் 40 சதவீதம், சொந்தப் பணம் 60 சதவீதம். 8.4இல் நாற்பது பங்கு 3.36, 20இல் அறுபது பங்கு 12. கலப்புக் கிரயம் 15.4 சதவீதம். குளிரறையின் 14 அதற்குக் கீழே நிற்கிறது.

இதைப் பணமாகவும் பார்த்துவிடுவோம். தேய்மானத்துக்கு ஒதுக்கும் தொகையை வைத்து இயந்திரங்களைப் புதுப்பித்துக்கொண்டே போனால் 42 இலட்சம் ஆண்டுதோறும் தொடர்ந்து வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். 15.4 சதவீதம் எதிர்பார்க்கும் ஒருவருக்கு அப்படிப்பட்ட வருமானத்தின் இன்றைய பெறுமதி 42ஐ 0.154ஆல் வகுத்தால் வருவது: ஏறத்தாழ 273 இலட்சம். 300 கொடுத்து 273 பெறுமதியான ஒன்றைக் கட்டுகிறீர்கள். 27 இலட்சம் உங்கள் மூவரின் 600இலிருந்து போகிறது. எந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கிலும் அந்த 27 தெரியாது, அங்கே 16.8 இலட்சம் இலாபம் என்றே எழுதியிருக்கும். தொழிற்சாலையை விற்கப் போகும் நாளில், எதிர்பார்த்ததைவிட விலை குறைந்து நிற்கும்போதுதான் தெரியும்.

கணக்குப் போடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 42 இலட்சத்திலிருந்து வங்கி வட்டியையும் கழித்துவிட்டு, மிச்சத்தை மறுபடியும் 15.4ஆல் அளக்கிறார்கள். கடனின் விலையும் அதன் வரிச் சலுகையும் 15.4க்குள்ளேயே இருக்கின்றன. வட்டியை வருமானத்திலும் கழித்தால் ஒரே செலவு இரண்டு முறை விழும். நல்ல திட்டமும் கெட்டதாகத் தெரியும். வருமானத்தை வட்டி எதுவுமே இல்லாதது போலக் கணக்கிட்டு, வரியை மட்டும் கழித்துக்கொண்டு, அதன்பின் கலப்புக் கிரயத்தோடு ஒப்பிட வேண்டும். உங்கள் 42 அப்படித்தான் வந்திருக்கிறது.

சின்னண்ணன் இப்போது ஒன்று சொல்லக்கூடும், அது நல்ல கேள்வியும்கூட. "புதிய 300ஐயும் எடுத்த பிறகு கடன் 700 ஆகிவிடுமே. மலிவான பணத்தின் பங்கு கூடினால் கலப்பும் மலிவாகத்தானே வேண்டும்?" கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 1,300 என்று வைத்தால் கடன் 54 சதவீதம், சொந்தப் பணம் 46. அதே 8.4, அதே 20 என்று கலந்தால் 13.7 வருகிறது. 14 தாண்டிவிட்டது!

இந்தக் கணக்கில் மாறாமல் விட்ட ஒன்று இருக்கிறது: அந்த 20. கடன் 400 ஆக இருந்தபோது மார்கழியில் ஒரு தவணை போனது. இப்போது ஏறத்தாழ இரண்டு தவணை போகிறது. மீன் இல்லாத மாதங்கள் குறையவில்லை. அதே தொழில், அதே கடல், அதே மாரி. ஆனால் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் பங்கு பெருத்துவிட்டது. எஞ்சுவது முன்னைவிட அதிகமாக ஏறி இறங்கும். அப்படிப்பட்ட பங்குக்கு நீங்கள் 20க்கு மேல் கேட்டாக வேண்டும். தொழிலுக்குள் இருக்கும் ஆபத்து, பணத்தை வேறு விகிதத்தில் பிரிப்பதால் கரைந்துபோவதில்லை என்று 1958இல் மொடிகிலியானி, மில்லர் என்ற இரு பொருளியலாளர்கள் காட்டினார்கள். பின்னர் 1963இல் வரியையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தினார்கள்: கடன் கூடும்போது உண்மையாகக் கிடைக்கும் ஆதாயம் வட்டியின் வரிச் சலுகை மட்டுமே. அவர்களுடைய வழியில் உங்கள் எண்களைப் போட்டால் சொந்தப் பணத்தின் விலை 22க்கு அருகில் ஏறுகிறது, கலப்பு 14.6க்கு வருகிறது. 15.4இலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அந்த இறக்கம் வரிச் சலுகையினால் வந்தது. ஆனாலும் 14க்கு மேலேதான்.

அந்த வரிச் சலுகையும் உறுதியானது அல்ல. வரி கட்டும் அளவுக்கு இலாபம் இருந்தால்தான் கழிக்க முடியும். படகுகள் நெடுநாள் ஓடாத ஓர் ஆண்டில் கம்பனி நட்டத்தில் முடிந்தால் அந்த ஆண்டில் உங்கள் கடன் 8.4 அல்ல, முழு 12. அந்த ஆண்டில்தான் 700 இலட்சத்தின் தவணையும் கழுத்தைப் பிடிக்கும். வங்கியும் இதை அறியும். ஈட்டின் மீதான கடன் கூடிக்கொண்டே போனால் அடுத்த முறை 12க்குத் தராது. அளவுக்கு மேல் கடன் ஏறிவிட்டதா என்று அறிய எனக்குப் பழக்கமான அடையாளம் ஒன்று இருக்கிறது: கம்பனி தவணையைக் கட்ட மேலதிகப்பற்றைத் தொட ஆரம்பித்திருக்கும். உங்கள் நடைமுறைக் கணக்கின் கடந்த மூன்று மாரிகளின் கூற்றை எடுத்துப் பாருங்கள். அங்கே அது தெரிந்தால் 700ஐப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொரு கேள்வி கடிதத்தில் இல்லை, ஆனால் கேட்க வேண்டும். நீங்களும் சின்னண்ணனும் சம்பளம் எடுக்கிறீர்களா? குடும்பக் கம்பனிகளில் பலர் எடுப்பதில்லை. குளிரறையைக் காலை நான்கு மணிக்குத் திறந்து மீன் நிறுத்து ஏற்றிவிடப் போவது நீங்கள் என்றால், அந்த வேலைக்கு வெளியாள் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை 60 இலட்சத்திலிருந்து கழித்துவிட்டீர்களா? கழிக்காவிட்டால் உங்கள் உழைப்பின் கூலி மூலதனத்தின் வருமானமாக வேடம் போட்டு நிற்கிறது. 14 என்பது இன்னும் கீழே இறங்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் திட்டத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 15.4 சதவீதம் என்பது ஐஸ் தொழிற்சாலையின் ஆபத்துக்கு உரிய விலை. மாரிக்கு மாரி வருமானம் விழும் தொழிலின் விலை. குளிரறை அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கொழும்புக்கு மீன் அனுப்பும் நல்ல பெயருள்ள ஒரு கம்பனி, மீன் வந்தாலும் வராவிட்டாலும் மாத வாடகை தருகிறேன் என்று ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அந்த வருமானம் ஐஸ் விற்ற காசைவிடப் பத்திரமானது. அதை 15.4ஆல் அளப்பது அநியாயம். 14கூடப் போதுமானதாக இருக்கலாம். அதற்கு மாறாக, படகுக்காரர்கள் வந்தபோது வைத்து, வராதபோது வெறுமையாகக் கிடக்கும் அறை என்றால் 15.4கூடப் போதாது. உங்கள் 60 இலட்சம் இந்த இரண்டில் எந்த வகையில் வரப்போகிறது என்று கடிதத்தில் சொல்லவில்லை. முதலில் அதைத் தீர்மானியுங்கள்.

ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஆனால் வருமானம் ஐஸ் தொழிற்சாலையின் அளவுக்குத்தான் ஏறி இறங்கும் என்றால் பேரம் பேச இரண்டு இடங்கள் இருக்கின்றன. 300 இலட்சத்துக்கு 15.4 சதவீதம் என்றால் வரி போக 46 இலட்சம் வர வேண்டும். வரிக்கு முன் ஏறத்தாழ 66. இப்போது 60 இருக்கிறது. மாதத்துக்கு ஐம்பதாயிரம் ரூபா கூடுதலாக வந்தால் கணக்குச் சரியாகிவிடும். களஞ்சியக் கட்டணத்தைக் கிலோவுக்கு எவ்வளவு கூட்டினால் அது வரும், அந்த விலைக்கு முதலாளிமார் வருவார்களா என்று இப்போதே போய்க் கேட்கலாம். அல்லது கட்டட ஒப்பந்தக்காரரிடமும் குளிரூட்டி இயந்திரம் தருபவரிடமும் பேசி, முழுச் செலவையும் 273 இலட்சத்துக்குள் இறக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று நடந்தால் சின்னண்ணனோடு சேர்ந்து வங்கிக்குப் போய்க் கையெழுத்திடுங்கள்.